பத்துக் கட்டுகள், ஒன்பது பேர்: கூட்டுக் குடும்பத்தின் வேலைச் சக்கரம்

கூட்டுக் குடும்பத்தில் வீட்டு வேலையைப் பிரிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் வேலைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, எதிரே ஆட்களின் பெயர்களை எழுதி, வாரத்துக்கு ஒரு முறை ஒரு வரி கீழே தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தத் தாள் சில வாரங்களில் செயலிழந்துபோவதற்குக் காரணம் யாருடைய சோம்பேறித்தனமும் அல்ல. காலை சமையலும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அதில் ஒரே அளவுக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன; எழுபது வயதைக் கடந்தவரும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே அளவுப் பெயராக நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டை, அதற்குப் பின்னால் உள்ள கணக்கோடு சேர்த்து எழுதும்படி நண்பர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள். வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறோம். மாமனாருக்கு 76 வயது, மாமியாருக்கு 71. நானும் கணவரும், கொழுந்தனாரும் ஓரகத்தியும் சம்பாதிக்கும் வயதில் உள்ள நால்வர். பிள்ளைகள் மூவர்: என் மகளுக்கு 15, மகனுக்கு 11, கொழுந்தனார் மகனுக்கு 6. வேலைக்கும் பயணத்துக்குமாகக் கணவருக்கு வாரத்தில் 55 மணி நேரம் வெளியே போகிறது. கொழுந்தனாருக்கு 50, எனக்கு 48. ஓரகத்தி வீட்டிலிருந்தபடியே வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை பார்க்கிறாள். இந்தக் கடைசித் தகவல்தான் பின்னால் வரும் கணக்கில் அதிகச் சிக்கலை உண்டாக்கியது.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வாரம் எல்லோரும் தாங்கள் செய்வதை எழுதி வைத்தோம். வாய்க்கணக்கு இதில் உதவாது. 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரு உளவியலாளர்கள், கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக, வீட்டுப் பொறுப்புகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு விழுக்காட்டைத் தாண்டியது. இதில் பொய் ஏதும் இல்லை. தான் செய்த வேலை தனக்கு நினைவிருக்கிறது, மற்றவர் செய்தது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேர் இருக்கும் இடத்திலேயே இப்படியென்றால் ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் "நான்தான் அதிகம் செய்கிறேன்" என்று ஒவ்வொருவரும் மனப்பூர்வமாக நம்புவதில் வியப்பில்லை. எழுதும்போது மூன்று விஷயங்களைக் குறிக்க வேண்டும்: எத்தனை நிமிடம் ஆனது, அந்த வேலை குறிப்பிட்ட நேரத்தில்தான் நடக்க வேண்டுமா, அதைச் செய்ய வேண்டும் என்பது யாருக்கு நினைவு வந்தது. மூன்றாவதை எழுதச் சொன்னபோது கணவர் சிரித்தார். வார இறுதியில் அந்தப் பத்தியில் ஏறக்குறைய எல்லா வரிகளிலும் இரண்டே பெயர்கள் இருந்ததைப் பார்த்தபின் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நிமிட வேலைக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டோம். குறிப்பிட்ட நேரத்துக்குக் கட்டுப்பட்ட வேலையாக இருந்தால் அதோடு பாதி கூட்டிக்கொள்ளலாம். காலை சமையல் எங்கள் வீட்டில் 80 நிமிடம் பிடிக்கும். அது எட்டுப் புள்ளி. நேரத்துக்குக் கட்டுப்பட்டது என்பதால் பன்னிரண்டு. துணி துவைத்து, உலர்த்தி, மடிப்பதற்கு 45 நிமிடம் ஆனாலும், அதை மாலையில் செய்யலாம், இரவில் செய்யலாம், பாதியில் விட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசலாம். ஆகவே அது நாலரைதான். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவராத எந்தப் பட்டியலும் சமையல் செய்பவரை ஏமாற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து. எண்பது நிமிடம் மட்டுமா போகிறது? அந்த எண்பது நிமிடத்துக்காக முந்தைய இரவு எப்போது படுப்பது என்பதும், காலையில் வேறு எதையும் ஏற்றுக்கொள்ள முடியாது என்பதும் சேர்ந்தே போகின்றன.

நிமிடக் கணக்கு பிடிபடாத வேலைகளுக்கு ஏலம் விட்டோம். கழிப்பறை கழுவுவது வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை, ஆறு புள்ளி. ஆறுக்கு யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். ஏழு, எட்டு என்று ஏற்றிக்கொண்டே போனோம். ஒன்பதில் கொழுந்தனார், "அண்ணி, ஒன்பது என்றால் எனக்குச் சம்மதம்" என்றார். அதுவே அந்த வேலையின் விலை ஆகிவிட்டது. கொள்முதலும் மாதக் கட்டணங்களும் சேர்ந்த வேலைக்குக் கைக்கணக்கில் வாரம் இரண்டரை மணி நேரம், பதினைந்து புள்ளி. ஆனால் எது தீரப்போகிறது, எந்தக் கட்டணத்துக்கு எந்தத் தேதி என்று ஏழு நாளும் மனத்தில் சுமந்துகொண்டிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது இருபத்து நான்கில்தான் விலை போனது. நினைவில் வைத்திருப்பதற்கு எத்தனை புள்ளி என்று நாங்கள் தனியாக விவாதிக்கவே இல்லை. ஏலம் அதை ஒன்பது என்று சொல்லிவிட்டது. மறுபக்கம், துணி வேலையின் ஒரு வாரக் கணக்கு இருபத்தேழு வந்தது. அதற்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருவர் மட்டும் எஞ்சிய இருபத்து நான்கில் நிறுத்தினோம். ஏலத்தில் எடுத்தவர்தான் அதை என்றைக்கும் செய்ய வேண்டும் என்பதில்லை. ஏலம் விலையைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே. இதைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமையலைத் தவிர்த்து வாரத்தின் மொத்தம் 345 புள்ளி வந்தது. இதில் பெரியவர்கள் இருவருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ளதைக் கழித்தபின் 250 மிஞ்சியது. இந்த 250ஐ நால்வர் பிரிப்பதுதான் சக்கரத்தின் மையம்.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு அறுபத்திரண்டரை. வெளியே 55 மணி நேரம் போய் வருபவருக்கும் 35 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கும் ஒரே சுமை வைப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை. அப்படியானால் வெளி வேலையையும் வீட்டு வேலையையும் கூட்டி, நால்வருக்கும் மொத்த நேரம் சமமாக வருமாறு பிரிக்கலாமா? அதையும் போட்டுப் பார்த்தோம். ஆறு புள்ளி ஒரு மணி நேரம் என்று கொண்டால் 250 புள்ளி ஏறக்குறைய 42 மணி நேரம். வெளி வேலை நால்வருக்கும் சேர்த்து 188. கூட்டினால் 230, ஆளுக்குச் சுமார் ஐம்பத்தேழரை. அந்தக் கணக்கில் கணவருக்கு வாரத்துக்குப் பதினான்கு புள்ளிதான் வருகிறது, ஓரகத்திக்கு 134. வீட்டு வேலையில் பாதிக்கு மேல் ஒருத்தி தலையில்! அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்றுதானே சொன்னேன், வீட்டு வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லையே" என்றாள்.

அவள் சொன்னதில் மனவருத்தத்தைத் தாண்டி ஒரு நியாயம் இருக்கிறது. முழுச் சமன்பாடு பார்வைக்கு நேர்மையாகத் தெரிந்தாலும், வெளியே அதிக நேரம் இருப்பவருக்கு வீட்டை அறியாமலே இருக்கும் உரிமையை அது கொடுத்துவிடுகிறது. வாரத்தில் பதினான்கு புள்ளி செய்பவருக்கு உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூடத் தெரியப்போவதில்லை. பிறகு அவருடைய அலுவலக நேரம் குறைந்தாலும், ஓரகத்தியின் வேலை கூடினாலும் சுமை இடம் மாறாது, ஏனென்றால் மாற்றிக் கொடுக்க அவரை ஆயத்தப்படுத்தவே இல்லை. ஆகையால் இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் நின்றோம்: சமப் பங்கையும் நேரச் சமன்பாட்டுப் பங்கையும் கூட்டிப் பாதியாக்கினோம். கணவருக்கு முப்பத்தெட்டரை, எனக்கு ஐம்பத்தொன்பதரை, கொழுந்தனாருக்கு ஐம்பத்து மூன்றரை, ஓரகத்திக்குத் தொண்ணூற்றெட்டரை. பிறகு ஒரு விதி சேர்த்தோம். வெளி வேலை எவ்வளவு இருந்தாலும் நால்வரில் எவருக்கும் ஐம்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. கணவருக்குக் கூடிய பதினொன்றரை, ஓரகத்தியிடமிருந்து இறங்கியது. முடிவில் 50, 60, 53, 87 என்று வந்தது. அவளுக்கு இன்னும் அதிகம்தான். வெளி வேலை நேரம் இருபது மணி குறைவாக இருப்பவருக்குச் சற்றுக் கூடுதல் இருப்பதை அவளே ஏற்றுக்கொண்டாள். 134ஐ முதலில் பார்த்திருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் உண்டு.

யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதை இந்தக் கணக்கில் எங்கும் சேர்க்கவில்லை. சேர்த்தால் அது வேலைப் பங்கீடாக இருக்காது.

இனி, 250ஐ எப்படிச் சுழற்றுவது என்பது. தனித்தனி வேலையாகச் சுழற்றினால் தினமும் ஒரு பஞ்சாயத்து. ஒரு பெரிய பொறுப்பை முழுவதுமாக வாரத்துக்கு ஒருவர் என்று வைத்தால் சமையல் வாரம் வருபவர் நொடிந்துபோவார். பங்கும் 50, 87 என்று வேறுபடும்போது பெரிய துண்டுகளால் அந்த அளவைப் பிடிக்க முடியாது. ஆகவே, ஒவ்வொன்றும் சுமார் இருபத்தைந்து புள்ளி வருமாறு பத்துக் கட்டுகளாகக் கட்டினோம். காலை சமையல் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு என்பதால் இரண்டு நாள் ஒரு கட்டு. இரவு சமையல் ஒரு மணி நேரம், ஒரு நாளுக்கு ஒன்பது, ஆகவே மூன்று நாள் ஒரு கட்டு. இப்படிக் காலையில் மூன்று, இரவில் இரண்டு. இரவுப் பாத்திரம் ஐந்து நாள் ஒரு கட்டு. தரை பெருக்கித் துடைப்பதும் கழிப்பறையும் சேர்ந்து ஒன்று. துணி ஒன்று, கொள்முதலும் கட்டணங்களும் ஒன்று, காலையில் சிறியவர்கள் இருவரைப் பள்ளிக்குக் கிளப்புவது ஒன்று. மொத்தம் பத்து. பத்தில் பாதி சமையல்தான் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கண்ணில் பட்டது.

ஐம்பது புள்ளிக்காரருக்கு இரண்டு கட்டு. கொழுந்தனாருக்கும் இரண்டு. எனக்கு இரண்டரை, ஓரகத்திக்கு மூன்றரை. கட்டைப் பாதியாக உடைக்க முடியாது என்பதால் ஒரு வாரம் எனக்கு மூன்று, அவளுக்கு மூன்று. அடுத்த வாரம் எனக்கு இரண்டு, அவளுக்கு நான்கு. பத்துக் கட்டுகளும் வட்டமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தை நால்வரும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறு இரவும் வட்டம் ஒரே ஒரு கட்டு நகர்கிறது. அவரவர் கையிலிருந்து ஒரு முனையில் ஒரு கட்டு போகிறது, மறுமுனையில் ஒன்று வருகிறது. எனக்கும் ஓரகத்திக்கும் இடையிலுள்ள எல்லையில் மட்டும் ஒரு வாரம் இரண்டாகவும் அடுத்த வாரம் ஒன்றும் இல்லாமலும் கைமாறும். பத்து வாரத்தில் ஒவ்வொருவரும் பத்துக் கட்டையும் பார்த்துவிடுவார்கள்.

ஒரே வாரத்தில் எல்லாம் மாறுகிற சுழற்சியைவிட இது ஏன் மேல் என்றால், எந்த வாரத்திலும் ஒருவர் கையில் பெரும்பாலும் ஒரு வேலைதான் புதிது, மற்றது பழகியது. புதியதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெளிவு, நேற்றுவரை அதைச் செய்தவர் பக்கத்திலேயே இருக்கிறார். கணவர் முதன்முறை காலை சமையலுக்குள் வந்தபோது இரண்டு நாள்தான் அவர் பொறுப்பு; அடுத்த வாரம் அது நான்கு நாளாயிற்று; பிறகு படிப்படியாக இறங்கியது. நேரே ஆறு நாள் என்று வைத்திருந்தால் முதல் புதன்கிழமையே வீடு பட்டினி கிடந்திருக்கும்.

வட்டத்தில் எந்தக் கட்டுக்குப் பக்கத்தில் எது என்பதை யோசித்து வைக்க வேண்டும். இதை மட்டும் யாரும் தாளில் வைத்துப் பார்க்காமல் தொடங்கிவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவை ஒருவர் கையிலேயே ஒரே நேரத்தில் விழும். காலை சமையலும் பிள்ளைகளைக் கிளப்புவதும் ஒரே மணி நேரத்து வேலைகள். ஒருவர் இரண்டையும் செய்ய முடியாது. எங்களில் ஒருத்திக்குச் சில வாரம் நான்கு கட்டு வருவதால், முட்டிக்கொள்ளும் இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று கட்டு இருக்க வேண்டும். இரவு சமையலுக்கும் இரவுப் பாத்திரத்துக்கும் அதே விதி வைத்தோம். பலவாறு மாற்றி அடுக்கிய பிறகு நிலைத்த வரிசை இது: பிள்ளைகளைக் கிளப்புவது, கொள்முதல், துணி, இரவுப் பாத்திரம், மூன்று காலை சமையல்கள், தரையும் கழிப்பறையும், இரண்டு இரவு சமையல்கள், மறுபடி பிள்ளைகள். இதற்கு ஒரு விலை உண்டு. காலை சமையல் மூன்றும் சேர்ந்தே நிற்பதால், எனக்கும் ஓரகத்திக்கும் ஏதாவது ஒரு வாரம் ஆறு காலையும் விழக்கூடும். அவற்றைப் பிரித்து வைத்தால் பிள்ளைகள் கட்டோடு முட்டுகிறது. விழுந்தால் விழட்டும், ஆறு நாளும் ஒருவரே சமைத்தால் மிச்சம் மீதியைக் கணக்கிடுவது எளிது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

கட்டுகளைக் கட்டியது நான். ஆகவே வட்டத்தில் தொடக்க இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் கடைசி முறை. பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் வேறொருவர் என்பது பிள்ளைகள் தின்பண்டம் பங்குபோடும் வழிதான். 1940களில் போலந்துக் கணித அறிஞர் ஹ்யூகோ ஸ்டைன்ஹாஸ், இரண்டு பேருக்கு மேல் இருக்கும்போது இந்த வழியை எப்படி விரிப்பது என்று ஆராயத் தொடங்கினார். அதிலிருந்து ஒரு தனித் துறையே வளர்ந்தது. வீட்டுக்கு அந்தக் கணிதம் வேண்டியதில்லை, கட்டியவர் கடைசியில் எடுக்க வேண்டும் என்ற ஒரு விதி போதும். நாளைக்கு எது தனக்கு விழும் என்று தெரியாதவர் கட்டுகளைச் சமமாகத்தான் கட்டுவார்.

பெரியவர்கள் இருவரும் வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். வயதான உடம்பு வாரா வாரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுழன்று வரும் வேலையை இன்று முடியாது என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது, முடியாததைச் செய்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். ஆகவே அவர்கள் வேலையை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த நாளும், காரணம் சொல்லாமல், வேண்டாம் என்று விட்டுவிடலாம். அப்படி விட்டால் அந்த நாள் கொள்முதல் கட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் செய்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டிருந்தால் பெரியவர்கள் வேண்டாம் என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார்கள். ஈரத் தரை, முக்காலி ஏறுவது, வாளி தூக்குவது ஆகிய மூன்றும் அவர்களுக்கு முற்றிலும் தடை. உலக அளவில் விழுந்து இறப்பவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தத் தடையில் மரியாதை பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

மாமியார் காய் நறுக்குவதை எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தபடி அரை மணி நேரம், வாரத்துக்குப் பதினெட்டு. வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, உறவில் எங்கே என்ன விசேஷம் என்ற நாட்குறிப்பு அவர் கையில், அதற்கு ஏழு. மாமனாருக்கு நின்று செய்யும் வேலை பிடிக்கும். எல்லோரும் கிளம்பியபின் காலைப் பாத்திரங்களைக் கழுவுகிறார். மாலையில் சின்னப் பேரனை நாற்பது நிமிடம் உட்கார்த்திப் படிக்க வைக்கிறார். இரண்டும் சேர்ந்து முப்பத்தைந்து. பேரனைப் பார்த்துக்கொள்வதற்குப் புள்ளியா என்று அவரே கேட்டார். வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கணக்கில் வராத பிள்ளைப் பராமரிப்பு எல்லையில்லாமல் நீளும். "தாத்தாவிடம் விட்டுப் போகிறோம்" என்று ஒரு மாலை தொடங்கி வாரம் முழுவதும் ஆகும். தாத்தாவுக்கு நடைப்பயிற்சி நின்றுபோகும். அதைப் பேரன் மேலுள்ள பாசம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்போம். நாற்பது நிமிடம், ஐந்து நாள் என்று எழுதிவைத்தால் அதற்கு மேல் வேண்டுபவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

மாமியாரின் மனக்குறை வேறு இடத்தில் இருந்தது. வேலை குறைந்ததில் அவருக்கு ஆறுதல் இல்லை. என்ன சமைப்பது என்று இனி யார் சொல்வது என்பதுதான் அவர் கேள்வி. சமைப்பவர் முடிவு செய்யட்டும் என்றால் நாற்பது ஆண்டுகள் அடுப்பங்கரையை நடத்தியவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். அவரே முடிவு செய்யட்டும் என்றால் சமைப்பவர் கைத்தடி ஆகிவிடுகிறார். ஞாயிறு சமையலைப் புள்ளிக் கணக்கிலிருந்து எடுத்ததற்கு இதுதான் காரணம். அன்றைக்கு அவர் நாற்காலி போட்டு அடுப்பங்கரையில் உட்காருவார், சொல்வது அவர், கை மட்டும் எங்களுடையது, பிள்ளைகளும் உட்பட. மற்ற ஆறு நாளும் சமைப்பவர் இஷ்டம். ஆறு நாளில் அவர் கருத்துச் சொல்வதே இல்லை என்று எழுதினால் இதைப் படிக்கும் கொழுந்தனார் சிரிப்பார். ஆனாலும் "அத்தை, ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்வோம்" என்று சொல்ல இப்போது எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் அளவைவிட, வேலை முழுமையானதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். "அதை எடுத்து வா, இதைக் கொண்டுபோய் வை" என்று நாள் முழுக்க ஏவுவதில் பிள்ளைக்கு வேலை முடிந்தது என்ற நிலையே வருவதில்லை. ஏவுகிறவருக்கு ஓய்வும் இல்லை. பதினொரு வயதுக்காரனிடம் குப்பை முழுவதும் இருக்கிறது: எல்லா அறைக் கூடைகளையும் காலி செய்வது, புதுப் பை மாட்டுவது, பை தீரும் முன் கொள்முதல்காரரிடம் சொல்வது. குடிநீர்ப் பாத்திரங்களை நிரப்புவதும் அவனுடையது. இரண்டும் சேர்ந்து பதினைந்து. பை தீர்ந்துபோனதை அவன் சொல்லாமல் விட்ட நாளில், பழைய பையைக் கழுவி மாட்டியதும் அவன்தான். மகளுக்கு இரண்டு இரவு பாத்திரமும், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத் துணி தேய்ப்பும், மொத்தம் இருபது. தேர்வு வாரங்களில் அவளுக்கு விலக்கு உண்டு, ஆனால் தள்ளுபடி இல்லை. முன்னதாகச் செய்து சேர்த்து வைக்கலாம், பின்னால் ஈடுசெய்யலாம். முதல் தேர்வுக்கு முன் அவள் தன் சித்தப்பாவின் பாத்திர நாள் இரண்டை எடுத்துச் செய்துவிட்டு, தேர்வு வாரத்தில் அவரை நிற்க வைத்தாள். மகள் பாத்திரம், மகன் குப்பை என்று நிலைத்துவிடாமல் இருக்க, பள்ளிப் பருவத்துக்கு ஒரு முறை இருவரும் பாதி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆறு வயதுக்காரனுக்குப் புள்ளி கிடையாது. தன் தட்டு, தன் பை, சாப்பிடும் நேரத்தில் எல்லோருக்கும் தண்ணீர்க் குவளை வைப்பது என்று அவனுக்கும் வேலை இருக்கிறது; அதை மேற்பார்க்க ஒருவர் நிற்க வேண்டியிருப்பதால் வீட்டின் சுமை அதனால் குறைவதில்லை. புள்ளி கொடுத்தால் பெற்றோர் பங்கு காகிதத்தில் மட்டும் குறையும்.

பிள்ளைகள் வேலைக்கு முடிந்தது என்பதன் அடையாளம் கண்ணால் பார்க்கக் கூடியதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "பாத்திரம் கழுவு" என்பதற்குப் பதில், தொட்டி காலி, வடிகட்டியில் எதுவும் இல்லை, மேடை துடைத்தது, ஈரத்துணி கொடியில் என்று நான்கு சொற்றொடர். அதற்கு மேல் எதிர்பார்ப்பு இல்லை. பிள்ளை செய்து முடித்ததைப் பெரியவர் ஒருவர் அவர்கள் கண்ணெதிரே திரும்பச் செய்தால் அந்த வேலை அன்றோடு பெரியவரிடம் திரும்பி வந்துவிடும். இது கணவர்களுக்கும் பொருந்தும்.

சக்கரம் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்கப் புள்ளித் தாளைப் பார்த்துப் பயனில்லை, தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும். கேள்விகள் யாரை நோக்கிப் போகின்றன என்று கவனிக்க வேண்டும். கொள்முதல் கட்டு கணவர் கையில் இருந்த வாரத்தில், "சோப்பு இருக்கிறதா, எவ்வளவு வாங்க, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்" என்று எல்லாவற்றையும் அவர் என்னிடம் கேட்டார். கடைக்கு நடந்தவர் அவர். வேலை என்னிடமே இருந்தது. இருபத்து நான்கு புள்ளியில் ஒன்பது நினைவுக்கு என்றால், அந்த ஒன்பதை அவர் செய்யவில்லை. இதற்கு இரண்டு ஏற்பாடு செய்தோம். கட்டு கைமாறும் ஞாயிறு இரவு, விட்டுப் போகிறவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும்: எது எவ்வளவு இருக்கிறது, இந்த வாரம் எது வரப்போகிறது. அதன்பிறகு வரும் கேள்விக்கு, "குறிப்பில் பாருங்கள்" என்பதுதான் பதில். முதலில் இது கடுமையாகத் தெரியும். இரண்டாம் சுற்றில் அவர் எழுதி வைத்த குறிப்பு என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது, வரிசை எண்களோடு.

இன்னோர் அடையாளம், நாள் மாற்றிக்கொள்வது ஒரே திசையில் ஓடுவது. "இன்றைக்கு நீ பார், நாளை நான் பார்க்கிறேன்" என்பது தேவைதான். நோயும் பயணமும் இல்லாத வீடு எது? அந்த "நாளை" வராமலே போனால் பழைய நிலை பின்வாசல் வழியாக வந்துவிடும். மாற்றிக்கொண்ட நாளைத் தாளின் ஓரத்தில் எழுதுகிறோம், இரண்டு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காதவர் அடுத்த ஞாயிறு ஒரு கட்டு கூடுதலாக எடுக்க வேண்டும். கடனை அதற்கு மேல் நீளவிட்டால் வீட்டுக்குள் வசூல் செய்யும் வேலை ஒருவருக்குச் சேரும், அதுவும் பெரும்பாலும் பெண்ணுக்கு. நோய்க்கு மட்டும் கடன் இல்லை. நோயாளியின் கட்டை மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு பகுதியாகச் செய்கிறோம், திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

விருந்தினர் வந்தால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் ஒழுங்கான விடை இல்லை. நான்கு பேர் ஒரு வாரம் தங்கினால் சமையல் கட்டுகள் மட்டும் பாதியளவு வீங்குகின்றன, துணியும் கொள்முதலும் ஓரளவுக்கு, பிள்ளைகள் கட்டு அப்படியே இருக்கிறது. யாருடைய வழி உறவினரோ அவர்கள் கூடுதலை ஏற்கட்டும் என்று கொழுந்தனார் சொன்னார். அப்படி வைத்தால் யாருடைய உறவு என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவோம் என்று மாமனார் மறுத்துவிட்டார். விருந்தினர் வாரத்தில் வட்டத்தை நகர்த்தாமல் நிறுத்திவைத்து, கூடுதலை நால்வரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது என்று தற்காலிகமாக ஓடுகிறது.

விலைகளைப் பள்ளிப் பருவத்துக்கு ஒரு முறை மறுபடியும் ஏலத்துக்கு விடுகிறோம். அடுத்ததற்குச் சில விஷயங்கள் காத்திருக்கின்றன. ஓரகத்தியின் வேலை நேரம் 35இலிருந்து 42 ஆகப்போகிறது; அப்படியானால் அவளுக்கு மூன்று கட்டுதான், அந்தப் பாதிக் கட்டு யாரிடம் போவது என்பதில் கணவரும் நானும் இப்போதே ஆளுக்கொரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். கழிப்பறையின் விலை ஒன்பதிலிருந்து இறங்கும் என்று கொழுந்தனார் பந்தயம் கட்டுகிறார். மாமியார் காய் நறுக்குவதை விட்டுவிட்டுக் கட்டணத் தேதிகளைத் தன் நாட்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். சேர்த்துக்கொண்டால் கொள்முதல் கட்டின் விலை குறையும், நறுக்கும் பதினெட்டுப் புள்ளி சமையல் கட்டுகளுக்குள் போகும், பத்தையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். இந்த முறை கட்டப்போவது ஓரகத்தி. ஆகவே தொடக்க இடத்தைக் கடைசியில் எடுக்கப்போவதும் அவள்தான்.